சண்டை நடந்த வேலையை விட்டு வந்தவர் நேர்காணலில் என்ன சொன்னார்: ஒரு நிகழ்வு ஆய்வு

சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் ஆபரேஷன்ஸ் எக்ஸிகியூட்டிவாக நான்கு ஆண்டு வேலை பார்த்த ஒரு தம்பி, அடுத்த வேலை கைக்கு வரும் முன்பே ராஜினாமா செய்தார். என் தோழியின் உடன்பிறந்தவர். நான் சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன், நேர்காணல் மேசையில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்து பழகியவள். அவருக்குத் தொழில் நன்றாகத் தெரியும். ஆனாலும் இரண்டு இடங்களில் நேர்காணல் வரை போய், இரண்டிலும் ஒரே கேள்வியில் சறுக்கினார்: "முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?"

முதல் இடத்தில் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். இரண்டாம் இடத்தில் எதையுமே சொல்லாமல் மூடினார். இரண்டும் பலிக்கவில்லை. அந்த இரண்டு பதில்களையும், அப்புறம் நாங்கள் உட்கார்ந்து உருவாக்கிய மூன்றாவது பதிலையும் இங்கே பிரித்துப் பார்க்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன். நேர்காணல்கள் ஆங்கிலத்தில் நடந்தன, பதில்களைத் தமிழில் தருகிறேன்.

அங்கே என்ன நடந்தது

வாடிக்கையாளரின் சரக்குக்குக் கப்பல் நிறுவனத்தில் இடம் பதிவு செய்வது, டிரேட்நெட் என்ற அரசு இணைய அமைப்பில் சுங்க அனுமதி எடுப்பது, கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணமான பில் ஆஃப் லேடிங்கின் விவரங்களைச் சரிபார்ப்பது, கன்டெய்னரை நேரத்துக்கு முனையத்தில் சேர்ப்பது, இதெல்லாம் அவர் வேலை. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கட்-ஆஃப் நேரம் உண்டு. அதற்குள் பெட்டி உள்ளே போகவில்லை என்றால் அடுத்த கப்பல்தான்.

விற்பனை மேலாளர் வாடிக்கையாளரிடம் "இந்த வாரக் கப்பலில் போய்விடும்" என்று வாக்குக் கொடுப்பார். ஆபரேஷன்ஸ் மேலாளர், பழைய பாக்கி கட்டாத வாடிக்கையாளரின் சரக்கை நகர்த்தக் கூடாது என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. முன்பு ஒரு பொது மேலாளர் இருந்தார், இப்படி முட்டும்போது அவர் ஒரு வார்த்தையில் முடிவு சொல்லிவிடுவார். அவர் வேறு நாட்டு அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போன பிறகு அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. அப்போதிலிருந்து இரண்டு மேலாளர்களும் ஒரே பெட்டிக்கு எதிரெதிர் உத்தரவுகளை இந்தத் தம்பிக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் "அனுப்பு" என்று ஒன்று, மின்னஞ்சலில் "நிறுத்து" என்று ஒன்று. இருவருக்கும் செய்தி அனுப்பிக் கேட்டார், இருவரும் பதில் தரவில்லை. கட்-ஆஃப் கடந்தது, கப்பல் போனது. திங்கட்கிழமை காலை, ஆபரேஷன்ஸின் அலட்சியம் என்று அவர் பெயரைக் குறிப்பிட்டு அலுவலகம் முழுவதற்கும் ஒரு மின்னஞ்சல்.

அதற்கு அடுத்த வாரம் அவர் செய்ததுதான் இந்த நிகழ்வில் முக்கியமானது, ஆனால் அதை அவரே பெரிதாக நினைக்கவில்லை. பாக்கி உள்ள வாடிக்கையாளரின் சரக்கை யார் அனுமதிக்க வேண்டும், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு நடைமுறை எழுதி இருவருக்கும் கொடுத்தார். மனிதவளப் பிரிவிடமும் போய்ப் பேசினார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், "கொஞ்சம் அனுசரித்துப் போங்க" என்றார்கள். ஆறு மாதம் காத்திருந்தார். ஒன்றும் மாறவில்லை. ஒப்பந்தப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, அதை முழுவதும் வேலை செய்து முடித்து, கையில் இருந்த கோப்புகளை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார்.

முதல் பதில்

முதல் நேர்காணலில் அவர் சொன்னதை அவர் நினைவிலிருந்து அப்படியே எழுதச் சொன்னேன்:

"உண்மையைச் சொல்லணும்னா, அங்கே அரசியல் ரொம்ப அதிகம். என் மேனேஜருக்கும் சேல்ஸ் மேனேஜருக்கும் ஆகாது. சேல்ஸ் மேனேஜருக்குத் தன் கமிஷன்தான் முக்கியம், யார் மாட்டினாலும் கவலை இல்லை. என் மேனேஜர் எதற்கும் துணிந்து நிற்க மாட்டார். தப்பு அவங்களுடையது, ஆனா என் பேரைப் போட்டு எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினாங்க. எச்.ஆர். கிட்ட போனேன், அவங்களும் ஒண்ணும் செய்யல. ஒரு கட்டத்துக்கு மேல பொறுக்க முடியல, விட்டுட்டேன்."

இதற்குப் பிறகு அந்த வெள்ளிக்கிழமைக் கதையை முழுவதும் சொன்னாராம். எதிரே இருந்தவர்கள் தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள், அதனால் நன்றாகப் போனது என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பிறகு வேலைவாய்ப்பு முகவர் சொன்ன தகவல்: வேலை தெரிந்தவர்தான், ஆனால் ஒத்துப்போவாரா என்று தயக்கம்.

இந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அவருக்குக் கோபம். ஆனால் நேர்காணல் மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். "அரசியல்" என்ற வார்த்தையில் எந்தத் தகவலும் இல்லை, கேட்பவர் தன் மனதில் இருப்பதைப் போட்டு நிரப்பிக்கொள்வார். "கமிஷன்தான் முக்கியம்" என்பது இன்னொருவர் மனதுக்குள் இருப்பதைப் பற்றிய ஊகம். "துணிந்து நிற்க மாட்டார்" என்பது ஒருவருடைய குணத்தின் மேல் தீர்ப்பு. இந்த மூன்றையும் கேட்பவரால் சரிபார்க்க முடியாது. மின்னஞ்சல் மட்டும்தான் நடந்த விஷயம், அதுவும் காயமாகத்தான் வெளியே வந்தது. எல்லாவற்றையும் விட, அந்த ஒரு பக்க நடைமுறை பதிலில் வரவே இல்லை. இத்தனை வாக்கியங்களில் இவர் ஏதாவது செய்தார் என்று சொல்வது "போனேன்", "விட்டுட்டேன்" இரண்டுதான்.

இந்த மாதிரிக் கதையைக் கேட்கும்போது நாங்கள் யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. இவர் எங்களை விட்டுப் போன பிறகு எங்களைப் பற்றி எப்படிப் பேசுவார் என்ற நினைப்பு ஒன்று வரும். அதைவிடப் பெரிய கவலை வேறு. விற்பனைக்கும் ஆபரேஷன்ஸுக்கும் இழுபறி இல்லாத சரக்கு நிறுவனம் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை. அவரை நேர்காணல் செய்த இடத்திலும் அது கட்டாயம் இருந்திருக்கும். "பொறுக்க முடியல" என்று அவர் சொன்னபோது, அவர்கள் காதில் விழுந்தது தங்கள் அலுவலகத்தைப் பற்றிய முன்னறிவிப்பு. கசப்பு என்று நாம் சொல்வது இப்படித்தான் ஒருவரை வெளியே தள்ளுகிறது. பண்பு குறைவு என்று யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை, இங்கேயும் இதேதானே நடக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

இரண்டாவது பதில்

அந்த அனுபவத்துக்குப் பிறகு அவருக்கு எல்லோரும் ஒரே அறிவுரை சொன்னார்கள்: பழைய இடத்தைப் பற்றி வாயே திறக்காதே, வளர்ச்சிக்காக வந்தேன் என்று சொல். அப்படியே சொன்னார். அடுத்த கேள்வி உடனே வந்தது: "எங்கள் பதவியும் அதே நிலைதான், சம்பளமும் ஏறக்குறைய அதேதான். என்ன வளர்ச்சி எதிர்பார்க்கிறீர்கள்?" ஏதோ சமாளித்தார். அதற்கடுத்து: "வளர்ச்சிக்காக என்றால், வேலை கிடைத்த பிறகு விட்டிருக்கலாமே?" இங்கே "கொஞ்சம் சொந்தக் காரணம்" என்று மாற்றிவிட்டார்.

ஒரே கேள்விக்கு இரண்டு காரணம் வந்துவிட்டால், கேட்பவர் மூன்றாவது ஒன்றைத் தானே கற்பனை செய்துகொள்வார். வேலையை விட்டு நீக்கினார்களோ? கணக்கில் ஏதும் கோளாறோ? நடந்த உண்மை இந்தக் கற்பனைகளைவிட எவ்வளவோ மேல். மறைத்ததால் அவருக்கு நஷ்டம்தான்.

சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பல நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்தில் ஒவ்வொரு பழைய வேலைக்கும் எதிரே, கடைசியாக வாங்கிய சம்பளத்துக்குப் பக்கத்திலேயே, விலகிய காரணத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். கடைசிப் பக்கத்தில், எழுதியது எல்லாம் உண்மை, தவறாக இருந்தால் வேலையிலிருந்து நீக்கலாம் என்று கையெழுத்து வாங்குவார்கள். அவர் அந்தக் கட்டத்தில் எழுதியது ஒன்று, வாயால் சொன்னது இன்னொன்று. படிவமும் நேர்காணல் குறிப்பும் ஒரே கோப்பில்தான் இருக்கும்.

ஊரிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர்களுக்கு நிலைமை வேறு. எம்ப்ளாய்மென்ட் பாஸோ எஸ் பாஸோ வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்ததும் நிறுவனம் அதை ரத்து செய்ய வேண்டும், அதன்பின் இங்கே இருக்கக் குறுகிய காலம்தான் கிடைக்கும். அதனால் அவர்களில் பெரும்பாலோர் சண்டைக்கு நடுவில் இருந்துகொண்டே நேர்காணலுக்குப் போகிறார்கள். அன்று காலை வாங்கிய திட்டு மாலை நேர்காணலில் அப்படியே வெளியே வரும். அவர்கள் இந்தப் பதிலை அமைதியாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதி வைத்துக்கொள்வது ரொம்ப அவசியம்.

மூன்றாவது பதிலை உருவாக்கிய விதம்

எங்கள் பிளாக் கீழே இருக்கும் கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். முதலில் கோபத்தோடு, எதையும் விடாமல், நடந்தது எல்லாவற்றையும் தாளில் எழுதச் சொன்னேன். இரண்டு பக்கம் நிறைந்தது. அப்புறம் ஒவ்வொரு வரியாகத் தொட்டு, "இது நீ பார்த்ததா, கேட்டதா, இல்ல நீயா நெனச்சதா?" என்று கேட்டேன். நினைத்தது எல்லாவற்றையும் அடித்தோம். கமிஷன் போனது, துணிவு போனது, "என்னைப் பலிகடா ஆக்கினாங்க" போனது. ஒன்றரைப் பக்கம் காலி.

மிஞ்சியதை இன்னொரு கேள்வியால் சலித்தோம். அந்த இரண்டு மேலாளர்களும் இந்த மேசையில் உட்கார்ந்து இந்த வரியைப் படித்தால், பிடிக்காவிட்டாலும் "ஆமா, அப்படித்தான் இருந்தது" என்று ஒத்துக்கொள்வார்களா? பொது மேலாளர் போனது, அந்த இடம் காலியாக இருந்தது, ஒரே சரக்குக்கு இரண்டு உத்தரவு வந்தது, நடைமுறை எழுதிக் கொடுத்தது, அது அமலாகாதது, நோட்டீஸ் முடித்தது. இவற்றை அவர்களும் மறுக்க முடியாது. மின்னஞ்சல் வந்ததையும் மறுக்க மாட்டார்கள், ஆனால் அது நியாயமானதா என்பதில் சண்டைக்கு வருவார்கள். அதனால் அதைப் புதிய பதிலில் சேர்க்காமல் தனியே வைத்தோம். நேர்காணலுக்கு வருபவர்களுக்கு ஒரே ஒரு சோதனை சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். எதிர்த்தரப்பும் கையெழுத்துப் போடக்கூடிய வாக்கியத்தில் கசப்பு ஒட்டாது, அதே நேரம் அது முழு உண்மையாகவும் இருக்கும்.

அவருக்கு இது பிடிக்கவில்லை.

"அக்கா, அப்போ அவங்க செஞ்சத நானே மூடி மறைக்கிற மாதிரி ஆகாதா? அந்த மெயில்தானே என்னை உடைச்சது."

நியாயமான கேள்வி. நேர்மை என்று பேசும்போது இதைத் தாண்டிப் போக முடியாது. அவரிடம் இரண்டு கேள்வி கேட்டேன். அந்த மின்னஞ்சல் வராமலே, மற்ற எல்லாம் அப்படியே நடந்திருந்தால், அங்கே இருந்திருப்பாயா? "இல்ல, போயிருப்பேன்," என்றார். சரி, மின்னஞ்சல் வந்தது, ஆனால் அடுத்த மாதமே நீ எழுதிக் கொடுத்த நடைமுறை அமலுக்கு வந்தது என்று வை. அப்போது? கொஞ்ச நேரம் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "இருந்திருப்பேன்," என்றார்.

அப்படியென்றால் அவர் விலகியதற்குக் காரணம் அந்த மின்னஞ்சல் அல்ல. முடிவெடுக்க ஆள் இல்லாததும், அதைச் சரிசெய்ய எடுத்த முயற்சி பலிக்காததும்தான் காரணம். மின்னஞ்சல் அதிகம் வலித்தது, ஆனால் அது வந்த பிறகும் ஆறு மாதம் வேலை பார்த்திருக்கிறார். அதிகம் வலித்ததையும் விலகியதற்கான காரணத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. கேட்கப்பட்ட கேள்வி "ஏன் விட்டீர்கள்?" என்பது. அதற்கு உண்மையான காரணத்தைச் சொன்னால் முழுப் பதில் சொன்னதாகத்தான் அர்த்தம். இதைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

இதுதான் முடிவில் வந்த பதில்:

"அங்கே நான்கு ஆண்டு இருந்தேன். முதல் மூன்று ஆண்டு நன்றாகப் போனது. பொது மேலாளர் மாற்றலாகிப் போன பிறகு அந்த இடம் நிரப்பப்படவில்லை. அதன்பின் விற்பனைப் பிரிவும் ஆபரேஷன்ஸ் பிரிவும் ஒரே சரக்குக்கு வேறு வேறு உத்தரவு தரும் நிலை அடிக்கடி வந்தது, கடைசி முடிவு யாருடையது என்பதில் தெளிவு இல்லை. பாக்கி உள்ள வாடிக்கையாளரின் சரக்கை யார் அனுமதிப்பது என்று ஒரு பக்க நடைமுறை எழுதி இரு பிரிவுக்கும் கொடுத்தேன், மனிதவளப் பிரிவிடமும் பேசினேன். அது அமலுக்கு வரவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு, என் பதவியிலிருந்து நான் மாற்றக்கூடிய விஷயம் இது இல்லை என்று முடிவு செய்தேன். நோட்டீஸ் காலத்தை முழுவதும் முடித்து, எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வந்தேன். இந்தத் தொழிலில் இழுபறி இருக்கும், அது எனக்குப் பழக்கம். முடிவு யார் கையில் என்று தெரிந்திருந்தால் என்னால் நன்றாக வேலை செய்ய முடியும்."

சண்டை இதில் மறைக்கப்படவில்லை. இரண்டு பிரிவு முட்டிக்கொண்டது தெளிவாகவே இருக்கிறது. ஆள் இருந்த இடத்தில் அமைப்பு வந்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் மூன்று ஆண்டு நன்றாகப் போனதும் உண்மை, முதல் பதிலில் கோபத்தில் அது காணாமல் போயிருந்தது. கடைசி இரண்டு வாக்கியங்கள், எதிரே இருப்பவர்கள் வாய்விட்டுக் கேட்காத கவலைக்கு நேரடிப் பதில்: எல்லா இழுபறியையும் கண்டு ஓடுபவர் இல்லை, குறிப்பிட்ட ஒரு நிலைமைதான் இவருக்கு ஒத்துவராது.

நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும். அதற்கு மேல் நீளக் கூடாது. எங்களுக்குக் கடினமாக இருந்தது நிறுத்துவதுதான். பதில் முடிந்ததும் எதிரே இருப்பவர் குறிப்பெழுதுவார், சில நொடி மௌனம் இருக்கும். அந்த மௌனத்தில் தம்பி "ஆனா பாருங்க..." என்று ஆரம்பித்துவிடுவார், பழைய பதில் முழுவதும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். சிலருக்கு அது ஒரு சின்னச் சிரிப்பாக வரும், சிலருக்கு "பரவாயில்ல, விடுங்க" என்று வரும். நான் பேனாவை எடுத்து எழுதுவது போல் உட்கார்ந்திருக்க, அவர் வாயை மூடி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகினார். "விற்பனைப் பிரிவு" என்ற இடம் வரும்போதெல்லாம் பேச்சு வேகம் பிடித்தது. அந்த இடத்தில் வேண்டுமென்றே மெதுவாகச் சொல்லப் பயிற்சி எடுத்தார்.

துருவிக் கேட்கும்போது

நல்ல நேர்காணலில் முதல் பதிலோடு விடமாட்டார்கள், விடவும் கூடாது. "அந்த மேலாளர்களிடம் உங்களைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்கள்?" என்பது எனக்குப் பிடித்த கேள்வி. தம்பிக்கு நாங்கள் எழுதிய பதில்: ஆபரேஷன்ஸ் மேலாளர், ஆவணத்தில் பிழை இருக்காது என்று சொல்வார். விற்பனை மேலாளர், சுலபத்தில் சரி என்று சொல்லாத பிடிவாதக்காரர் என்று சொல்லக்கூடும், அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரிதான். தன்னைப் பற்றிய குறையை எதிர்த்தரப்பின் வாயிலிருந்து நியாயமாகச் சொல்லத் தெரிந்தவரைக் கசப்பானவர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

"இப்போது யோசித்தால் வேறு என்ன செய்திருப்பீர்கள்?" என்றால், அந்த நடைமுறையைக் கப்பல் தவறிய பிறகு எழுதியதற்குப் பதில், பொது மேலாளர் போன வாரமே எழுதியிருக்கலாம். வெள்ளிக்கிழமை செய்தி அனுப்பிக் காத்திருந்ததற்குப் பதில் இருவரையும் ஒரே தொலைபேசி அழைப்பில் இணைத்திருக்கலாம். இரண்டுமே அவர் தானாக யோசித்துச் சொன்னவை. இங்கே "இன்னும் பொறுமையாக இருந்திருக்கலாம்" என்பது போன்ற பொத்தாம்பொதுப் பதில் வேலைக்கு ஆகாது.

வேலை கையில் இல்லாமல் விட்டதற்கு, இரவு வரை நீளும் வேலை, அலுவலக நேரத்தில் நேர்காணலுக்குப் போக வழியில்லை, சில மாதத்துக்குச் சேமிப்பு இருந்தது என்ற மூன்றும் உண்மை, போதுமானதும்கூட. தூக்கம் வராமல் தவித்ததும் உண்மைதான், ஆனால் உடல்நலத்தைப் பற்றி அவர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

"உங்களுக்கும் அவர்களுக்கும் தனிப்பட்ட சண்டை ஏதாவது?" என்று நேரடியாகக் கேட்டால்தான் அந்த மின்னஞ்சல் வெளியே வரும்: "ஒருமுறை கப்பல் தவறியதற்கு என் பெயரைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் வந்தது. அன்று எனக்கு வந்த இரண்டு உத்தரவுகளையும் இணைத்துப் பதில் எழுதினேன். அதற்கு மேல் அது வளரவில்லை." மூன்று வாக்கியம், நிறுத்தம். அவர் அந்தச் செய்திகளின் படங்களைக் கைபேசியில் வைத்திருந்தார், தேவைப்பட்டால் காட்டலாம் என்ற எண்ணம். கூடவே கூடாது என்றேன். பழைய நிறுவனத்தின் உள் கடிதங்களை வெளியாரிடம் காட்டுபவர் நாளைக்கு எங்களுடையதையும் காட்டுவார் என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார். ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி இருந்தால் அது வேறு தலைவலி.

படிவமும் விசாரிப்பும்

படிவத்தின் அந்தச் சின்னக் கட்டத்தில் "பொது மேலாளர் மாற்றலான பின் பொறுப்புகளில் தெளிவின்மை" என்ற பொருளில் ஒரே வரி எழுதினார். வாய்ப் பதிலின் சுருக்கம் அது, புதிதாக எதுவும் இல்லை.

பழைய நிறுவனத்தில் விசாரித்தால் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான் பலரை மிகைப்படுத்தவோ மறைக்கவோ வைக்கிறது. என் அனுபவத்தில் பெரும்பாலான மனிதவளப் பிரிவுகள் வேலை பார்த்த தேதிகளையும் பதவியையும் உறுதிசெய்வதோடு நிறுத்திக்கொள்கின்றன. விரிவாகச் சொல்பவர்களும் மனம் போனபடி சொல்லிவிட முடியாது. காப்புறுதித் துறையில் நடந்த ஒரு வழக்கில், முன்னாள் ஊழியரைப் பற்றி அவருடைய அடுத்த முதலாளிக்குக் கருத்து எழுதும் நிறுவனம் அந்த ஊழியருக்கு உரிய கவனத்தோடு எழுதும் கடமை கொண்டது என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-ல் தீர்ப்பளித்தது. ஆனால் இதை நம்பிக்கொண்டு நேர்காணலில் கதை கட்டக் கூடாது. துறைக்குள் ஆளுக்கு ஆள் தெரிந்திருக்கும், கோப்பி குடிக்கும்போது கேட்கும் கேள்விக்குக் கோப்பில் பதிவு இருக்காது.

தம்பி, மாற்றலாகிப் போன பொது மேலாளரை முதல் பரிந்துரையாளராகக் கொடுத்தார். நான் வற்புறுத்தியதால் ஆபரேஷன்ஸ் மேலாளரையும் தொலைபேசியில் அழைத்து, பெயர் கொடுக்கலாமா என்று கேட்டார். நேர்காணலில் என்ன காரணம் சொல்கிறேன் என்பதையும் அவரிடம் அப்படியே சொல்லிவிட்டார். அவர் ஒப்புக்கொண்டார். கையெழுத்துச் சோதனை நிஜமாகவே நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை பொருந்தாத இடம்

இங்கே நடந்தது பிரிவுகளுக்கு இடையிலான மோதல். அச்சுறுத்தல், பாலியல் தொல்லை, இனம் சொல்லி இழிவுபடுத்தியது போன்றவை நடந்திருந்தால் இதே பதிலை வைத்து நிரப்பக் கூடாது, "பொறுப்பில் தெளிவின்மை" என்று சொல்வது அப்போது பொய்யாகிவிடும். "ஒரு கடுமையான நடத்தைப் பிரச்சினை இருந்தது, உரிய வழியில் புகார் செய்தேன், விவரத்தை இங்கே பேச விரும்பவில்லை" என்று சொல்லி நிறுத்தலாம். நல்ல நிறுவனம் அதை மதிக்கும். புகாருக்கு இடம் வேறு. கட்டாயப்படுத்தி ராஜினாமா செய்யவைத்தார்கள் என்றால் அது தவறான பணிநீக்கக் கோரிக்கையாகலாம், தகராறு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியான டாடெமிடம் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். பலர் அந்த ஒரு மாதத்தைக் குமுறியே கழித்துவிட்டு, பிறகு அந்த வழக்கை நேர்காணல் அறையில் வாதாடுகிறார்கள். அங்கே தீர்ப்பு சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

அப்புறம் என்ன ஆனது

புதிய பதிலோடு போன முதல் இடத்திலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. குளிரூட்டிய சரக்கில் அனுபவம் உள்ளவரை எடுத்தார்கள். பதில் நன்றாக இருந்தால் அந்தக் கேள்வியில் விழ மாட்டோம், அவ்வளவுதான். வேலையே கிடைத்துவிடும் என்று அர்த்தம் இல்லை.

அடுத்த இரண்டு நேர்காணல்களில், கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: பாக்கி உள்ள வாடிக்கையாளரின் சரக்கை விற்பனை அனுப்பச் சொல்லி, ஆபரேஷன்ஸ் நிறுத்தச் சொன்னால், இங்கே முடிவு யாருடையது? விலகிய காரணத்தைச் சொல்லிவிட்ட பிறகு இந்தக் கேள்வி இயல்பாகப் பொருந்தியது. ஓர் இடத்தில் "நாங்க எல்லாம் குடும்பம் மாதிரி, பேசித் தீர்த்துக்குவோம்" என்றார்கள். இரண்டாம் சுற்றுக்கு அழைத்தும் அவர் போகவில்லை. இன்னோர் இடத்தில் ஆபரேஷன்ஸ் இயக்குநர் சற்றும் யோசிக்காமல் பதில் சொன்னார்: கணக்குப் பிரிவு கணினியில் நிறுத்திவைக்கும், நாட்டு மேலாளர் ஒருவர்தான் அதை விடுவிக்கலாம், விற்பனை காரணம் எழுதிக் கேட்கலாம். அங்கேதான் சேர்ந்தார்.

சேர்வதற்கு முன் பழைய ஆபரேஷன்ஸ் மேலாளரை அழைத்து விசாரித்திருக்கிறார்கள். ஆவணத்தில் சுத்தம், ஆள் கொஞ்சம் பிடிவாதம் என்றாராம். சேர்ந்த முதல் வாரம் மதியச் சாப்பாட்டில் புதிய சகாக்கள் அதே கேள்வியைக் கேட்டார்கள், அதில் ஒருவருக்குப் பழைய விற்பனை மேலாளரைத் தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது. தம்பி அங்கேயும் நேர்காணலில் சொன்னதன் முதல் பாதியைத்தான் சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைந்தாராம்.